ஏலத்துல விலை 5% இறங்கினா லாபம் 69% போயிடும்! கோத்தகிரி தேயிலை ஃபேக்டரி பட்ஜெட்ல ஒளிஞ்சிருக்கிற கணக்கு

[திரையில்: ₹110 → ₹104.50]

குன்னூர் ஏலத்துல டீத்தூள் விலை கிலோவுக்கு அஞ்சரை ரூபா இறங்குது. வெறும் 5 சதவீதம். அந்த ஒரு இறக்கத்துல ஒரு ஃபேக்டரியோட மாச லாபம் 4 லட்சத்துல இருந்து 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு வந்துடுது.

அதே ஃபேக்டரிக்கு உறைபனியால இலை வரத்து 20 சதவீதம் குறைஞ்சா? 1 லட்சத்து 80 ஆயிரம் கையில நிக்குது. அஞ்சு சதவீதம் அடிச்ச அடி இருபது சதவீதத்தை விடப் பெருசு! ஏன்னு பார்த்துடலாம். வீடியோவை ஓட்டி விடாதீங்க, நடுவுல வர்ற அவுட்டர்ன் கணக்குதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

பட்ஜெட்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் தனியா அசைச்சு, லாபம் எவ்வளவு அசையுதுன்னு அளக்கிறதுதான் சென்சிடிவிட்டி அனாலிசிஸ். விளக்கம் அவ்வளவுதான், நேரா கணக்குக்குப் போயிடலாம்.

[திரையில்: பட்ஜெட் அட்டவணை]

கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்கி, தூளாக்கி, ஏலத்துல விக்கிற ஒரு ஃபேக்டரின்னு வச்சுக்குவோம். எண்கள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. மாசத்துக்கு 2 லட்சம் கிலோ இலை வருது. அவுட்டர்ன் 25 சதவீதம், அதாவது 100 கிலோ இலைக்கு 25 கிலோ தூள். அப்போ 50,000 கிலோ தூள் கிடைக்கும். கிலோ 110 ரூபான்னா வரவு 55 லட்சம்.

செலவுல பெருசு இலைதான். கிலோ 18 ரூபா, மொத்தம் 36 லட்சம். விறகு, கரண்ட், சாக்கு, லாரி எல்லாம் சேர்த்து தூள் கிலோவுக்கு 16 ரூபா, 8 லட்சம். இலை வந்தாலும் வராட்டியும் கொடுக்க வேண்டிய சம்பளம், வட்டி, இன்சூரன்ஸ் 7 லட்சம். மிச்சம் 4 லட்சம் லாபம்.

இப்போ ஒவ்வொண்ணா அசைக்கலாம். ஒண்ணை அசைக்கும்போது மத்ததை எல்லாம் தொடவே கூடாது.

விலை 5 சதவீதம் இறங்கினா வரவுல 2 லட்சத்து 75 ஆயிரம் போகுது. செலவுல ஒரு பைசா குறையாது. அதே இலையை வாங்கி, அதே விறகை எரிச்சு, அதே லாரியில ஏத்தியாச்சு. அதனால போன பணம் முழுக்க லாபத்துல இருந்தே போகுது.

அளவு 5 சதவீதம் குறைஞ்சா கதை வேற. 2 லட்சத்து 75 ஆயிரம் வரவு இங்கேயும் போகுது. ஆனா வராத இலைக்கு நீங்க காசு கொடுக்கல. இலைச் செலவுல 1 லட்சத்து 80 ஆயிரமும், விறகு, லாரி வகையில 40 ஆயிரமும் மிச்சம். நிகரமா போறது 55 ஆயிரம்தான். லாபம் 3 லட்சத்து 45 ஆயிரம்.

நிறைய பட்ஜெட்ல 'விற்பனை 5% குறைந்தால்'னு ஒரே வரி இருக்கும். தயவுசெஞ்சு அந்த வரியை விலை, அளவுன்னு ரெண்டா உடைங்க. உடைக்காம விட்டா அந்த அனாலிசிஸை வச்சு எந்த முடிவும் எடுக்க முடியாதுங்கிறது என் உறுதியான கருத்து.

இலை விலை 5 சதவீதம், அதாவது 90 பைசா ஏறினா லாபம் 2 லட்சத்து 20 ஆயிரம். நிலையான செலவு 5 சதவீதம் ஏறினா வெறும் 35 ஆயிரம்தான் குறையும்.

[திரையில்: பச்சை இலைக் குவியல், பக்கத்துல தூள்]

இப்போ அவுட்டர்ன். 25 இருந்த இடத்துல 24 ஆச்சுன்னு வைங்க. ஒரே ஒரு புள்ளி. இலைக்கு 36 லட்சம் கொடுத்தாச்சு, அதுல மாத்தம் இல்ல. தூள் மட்டும் 48,000 கிலோ ஆயிடுது. லாபம் 2 லட்சத்து 12 ஆயிரம், கிட்டத்தட்ட பாதி!

இது எப்படி நடக்கும்? மழை நாள்ல இலை மேல தண்ணி ஒட்டியிருக்கும். எடை போடும்போது அந்தத் தண்ணிக்கும் சேர்த்து 18 ரூபா கணக்காகுது, டிரையர்ல போனா அது ஆவியாப் போயிடும். அந்தத் தண்ணியை விரட்ட விறகும் கூடுதலா எரியும். அதனால தூள் கிலோவுக்கு ஒரு ரூபா கூடினா இன்னும் 48 ஆயிரம் குறைஞ்சு, லாபம் 1 லட்சத்து 64 ஆயிரம். எடை மேடையில ஈரத்துக்குக் கழிவு போடறது எதுக்குன்னு இந்த ஒரு கணக்கே சொல்லும். உங்க ஃபேக்டரியில மழை மாசத்து அவுட்டர்ன் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்க ஆசை.

இங்கேயே ஒரு பலவீனமும் தெரியுது பாருங்க. ஒண்ணொண்ணா அசைச்சுப் பார்த்தோம், ஆனா மழைக்கு அவுட்டர்னும் விறகும் சேர்ந்தே அசையுது. விலையும் அப்படித்தான். நீலகிரியில பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாசாமாசம் சராசரி விலை அறிவிக்கும், அது ஏல விலையை ஒட்டியே போகும். தூள் விலையும் இலை விலையும் சேர்ந்து 5 சதவீதம் இறங்கினா லாபம் 3 லட்சத்து 5 ஆயிரம். தூள் விலை இறங்கி, இலை விலை அப்படியே நின்னா 1 லட்சத்து 25 ஆயிரம். தூள் விலை 5 சதவீதம் இறங்கி, இலை விலை 5 சதவீதம் ஏறினா 55 ஆயிரம் நஷ்டம். அதனால இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு அட்டவணை கண்டிப்பா போடணும்.

எல்லாத்தையும் 5 சதவீதம் அசைக்கிறதும் சரியில்ல. அளவு 20 சதவீதம் கூட ஆடலாம், சம்பளம் அவ்வளவு ஆடாது. போன மூணு வருஷப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொண்ணும் எதுல இருந்து எது வரைக்கும் போயிருக்குன்னு பார்த்து, அந்த எல்லைக்குள்ள அசைங்க.

[திரையில்: எக்செல் ஷீட்]

எக்செல்ல B1 இலை கிலோ, B2 அவுட்டர்ன், B3 தூள் விலை, B4 இலை விலை, B5 தூள் கிலோவுக்கு ஆகிற செலவு, B6 நிலையான செலவு. B7-ல லாபம்:

```
=B1*B2*(B3-B5)-B1*B4-B6
```

D1-ல `=B7` போடுங்க. E1-ல இருந்து வலப்பக்கமா தூள் விலைகள், D2-ல இருந்து கீழே இலை விலைகள். மொத்தத்தையும் செலக்ட் பண்ணி Data → What-If Analysis → Data Table போங்க. Row input cell-க்கு B3, Column input cell-க்கு B4.

கட்டம் எல்லாத்துலயும் ஒரே எண் வந்தா ரெண்டு காரணத்தைப் பாருங்க. ஒண்ணு, B7-ல B3, B4 செல்லுக்குப் பதிலா 110, 18-னு நேரா எண்களை அடிச்சிருப்பீங்க. இன்னொண்ணு, Formulas → Calculation Options-ல டேட்டா டேபிளைத் தவிர்க்கிற மோட் இருக்கும், Automatic-க்கு மாத்துங்க. B3, B4 வேற ஷீட்ல இருந்தா எக்செல் ஏத்துக்கவே ஏத்துக்காது, அட்டவணையும் அதே ஷீட்ல இருக்கணும்.

அட்டவணை வந்ததும் லாபம் பூஜ்யம் ஆகிற இடத்தைக் கலர் பண்ணுங்க. நம்ம கணக்குல இலை 18 ரூபா வரிசையில அது தூள் விலை 102-ல விழும். தூள் 110 ரூபா நெடுவரிசையில இலை விலை 20-ல விழும். ஏலம் முடிஞ்சு விலை வந்த அன்னைக்கு, முதல்ல பார்க்க வேண்டியது அந்த 102-க்கும் வந்த விலைக்கும் எத்தனை ரூபா இடைவெளி இருக்குங்கிறதைத்தான்.