1,000 ரூபாய் பஃபேயை விட 1,125 ரூபாய் பஃபே மலிவு! எப்படி?

(திரையில் இரண்டு மெனு கார்டுகள்)

வணக்கம் மக்களே! இடது பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட். ஞாயிறு மதிய பஃபே, தலைக்கு 1,000 ரூபாய். வலது பக்கம் மெயின் ரோட்டில் தனியாக இருக்கும் ரெஸ்டாரன்ட். கிட்டத்தட்ட அதே அயிட்டங்கள், 1,125 ரூபாய். வீட்டில் நாலு பேர். எங்கே போவீர்கள்?

முதல் கடைக்குப் போனால் பில் 5,192 ரூபாய். இரண்டாவது கடையில் 4,725 தான். மெனுவில் விலை குறைவாக இருந்த கடைதான் 467 ரூபாய் அதிகமாக வாங்குகிறது. இரண்டுமே நான் வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு விலைகள்தான். ஆனால் கணக்கு நிஜம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். இந்தியாவில் சாதாரண ரெஸ்டாரன்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு; அதனால்தான் பில்லில் 2.5, 2.5 என்று இரண்டு தனித் தொகையாக வரும். இரண்டு தடவை வரி போட்டுவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சில ஹோட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்டில் மட்டும் 18 சதவீதம் ஏன்? ஏசி இருப்பதாலா? இல்லை. அது பழைய கதை, 2017 நவம்பரோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் தட்டில் இருக்கும் சாப்பாட்டின் வரியை முடிவு செய்வது, மாடியில் இருக்கும் ரூமின் வாடகை!

2025 ஏப்ரல் 1 முதல் விதி இதுதான். அந்த ஹோட்டல் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு ரூமை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால், உள்ளே இருக்கும் ரெஸ்டாரன்டுக்கு 18 சதவீதம். ‘ஏதாவது ஒரு ரூம்’ என்பதைக் கவனியுங்கள். வருடம் முழுக்க 6,000-க்கு ரூம் விட்டுவிட்டு, டிசம்பர் 31 ராத்திரி மட்டும் ஒரு ரூமை 8,000-க்கு விட்டாலும் போதும். எவரோ புத்தாண்டு கொண்டாடியதற்கு அடுத்த நிதியாண்டு முழுக்க நீங்கள் இட்லிக்கு 18 சதவீதம் கட்டுவீர்கள். இந்த விதியை யோசித்தவரை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்!

ஆனால் ஹோட்டல்காரர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. 18 சதவீதம் வாங்குபவர், தான் வாங்கிய பொருளுக்கும் கட்டிய வாடகைக்கும் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீதக் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அந்தச் செலவை மெனு விலைக்குள்ளேயே வைத்துவிடுவார். அதனால் மெனு விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, சர்வீஸ் சார்ஜுக்கு வருவோம். முதல் கடையின் பில்லைத் திறக்கிறேன்.

(திரையில் பில்)

சாப்பாடு 4,000. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 400. கூட்டினால் 4,400. இப்போது 18 சதவீத ஜிஎஸ்டி எதன் மேல் விழுகிறது? 4,000 மேல் இல்லை, 4,400 மேல். 792 ரூபாய். ஆக 5,192. 10-ம் 18-ம் 28 என்றுதானே நினைத்தீர்கள்? நீங்கள் கட்டியது 29.8 சதவீதம் கூடுதல். இரண்டாவது கடையில் 4,500-க்கு 5 சதவீதம், 225. அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சர்வீஸ் சார்ஜை மட்டும் நீக்கிப் பாருங்கள். 4,000-க்கு 18 சதவீதம் 720. மொத்தம் 4,720! இரண்டு கடைக்கும் வித்தியாசம் வெறும் 5 ரூபாய். நம்மைக் கவிழ்த்தது 18 சதவீதம் இல்லை, அந்த 400-ம் அதன் மேல் ஏறிய 72 ரூபாய் வரியும்தான்.

அந்த 400 அரசு வரி இல்லை, கடையே போட்டுக்கொண்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. சாப்பாட்டோடு கூட்டி, மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. சர்வருக்கு டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். அதை நான் தடுக்கவில்லை, தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவர் கையில் கொடுங்கள்.

அதனால் பில் வந்ததும் ஜிஎஸ்டி தொகைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே சர்வீஸ் சார்ஜ் என்றோ, சுருக்கமாக ‘எஸ்.சி.’ என்றோ, ‘ஸ்டாஃப்’ என்றோ ஒரு தொகை இருந்தால், “அண்ணா, இதை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க” என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றை மறந்துவிட்டேனே! சின்ன மெஸ், டிபன் கடை சில, ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கென இருக்கும் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கும். அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. மெனுவில் என்ன விலையோ அதுதான் பில். சந்தேகமா? பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் தேடினால், எந்த வகை என்று காட்டிவிடும்.

உங்கள் கடைசி ரெஸ்டாரன்ட் பில்லை எடுத்து, மெனு விலைக்கு மேல் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள். 29.8-ஐத் தாண்டிய பில் இருந்தால் அடுத்த வீடியோவே அதுதான்!