கேட் தேர்வின் 180 நிமிடங்கள்: ஊதா நிறத்தைப் பயன்படுத்தும் முறை

வணக்கம் நண்பர்களே. பாடம் தெரிந்திருந்தும் கணினித் திரையின் முன் நேரம் போதாமல் மதிப்பெண்ணை இழப்பதாகப் பலர் கேட்டிருந்தீர்கள். ஆகவே இன்று பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வை, அதாவது GATE தேர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐயமுள்ள கேள்விகளைக் குறித்து வைப்பது எப்படி, கடைசியில் அவற்றைத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்பதை மாதிரித் தேர்வுத் திரையை வைத்துக்கொண்டே விளக்குகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மொத்தம் 65 கேள்விகள், 100 மதிப்பெண், 180 நிமிடங்கள். இவற்றில் 30 கேள்விகளுக்குத் தலா ஒரு மதிப்பெண், 35 கேள்விகளுக்குத் தலா இரண்டு. அப்படியென்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் 48 நொடி கிடைக்கிறது. ஆனால் இந்த அளவை அப்படியே வைத்துக்கொண்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடிகூட மிஞ்சாது. எனவே முதல் சுற்றில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்று நிமிடம் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விகளும் அந்த வரம்பைத் தொட்டாலும் 150 நிமிடத்தில் முடிந்துவிடும். உண்மையில் சில கேள்விகளைப் படித்தவுடனே தாண்டிவிடுவீர்கள் என்பதால் இன்னும் முன்னதாகவே முடியும்.

இப்போது திரையின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கேள்வி எண்கள் கட்டங்கட்டமாக இருக்கின்றன. விடை சேமிக்கப்பட்டது பச்சை. திறந்து பார்த்துவிட்டு விடையளிக்காமல் வந்தது சிவப்பு. விடையில்லாமல் மறுபார்வைக்குக் குறித்தது வெறும் ஊதா. விடையைத் தேர்ந்தெடுத்து, அதையும் மறுபார்வைக்குக் குறித்தால் ஊதாவின் ஓரத்தில் ஒரு சிறிய பச்சைக் குறி தெரியும். இந்தக் கடைசி வகையைப் பற்றி ஒரு வீண் பயம் உண்டு. குறித்து வைத்த கேள்வியைத் திருத்த மாட்டார்கள் என்று நினைத்து, நேரம் முடியும் தறுவாயில் ஒவ்வொன்றாகப் போய்க் குறியை நீக்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கேட் தேர்வில் விடையுடன் குறித்த கேள்வியும் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். வேறு தேர்வு எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் அந்தத் தேர்வின் வழிமுறைப் பக்கத்தில் தேடிப் படித்துவிடுங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இதோ, இந்தக் கேள்வியில் ஒரு விடையைச் சொடுக்குகிறேன். `Save & Next` பொத்தானை அழுத்தாமல், வலப்பக்கத்தில் வேறொரு எண்ணை நேரடியாகச் சொடுக்குகிறேன். பார்த்தீர்களா, பழைய கேள்வி பச்சையாக மாறவில்லை, சிவப்பாகத்தான் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த விடை சேமிக்கப்படவே இல்லை. மறுபார்வையின்போதுதான் நாம் எண்களைச் சொடுக்கி அங்கும் இங்கும் தாவுகிறோம் என்பதால், இந்த இழப்பு பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில் நடக்கிறது. விடையை மாற்றினாலும் இதே விதிதான்: `Save & Next` அல்லது `Mark for Review & Next` இரண்டில் ஒன்றை அழுத்திய பிறகே அந்தக் கேள்வியை விட்டு நகர வேண்டும்.

இனி, நிறங்களுக்கு நாமே ஒரு பொருள் கொடுத்துக்கொள்வோம். வழி தெரியும், ஆனால் கணக்கு நீளம் என்றால் வெறும் ஊதா. விடை கிடைத்துவிட்டது, ஆனால் முழு நம்பிக்கை இல்லை என்றால் குறியுடன் கூடிய ஊதா. பாடமே தெரியாது என்றால் குறிக்காமல் சிவப்பாகவே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிட்டால், திரும்பி வரும்போது எதை முதலில் எடுப்பது என்று மறுபடியும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதோடு, தேர்வறையில் தரும் எழுதுதாளில் ஐயத்தின் காரணத்தையும் இரண்டு மூன்று சொற்களில் எழுதி வையுங்கள். "41: ஆ அல்லது ஈ, குறி சந்தேகம்" என்று எழுதியிருந்தால், திரும்பி வரும்போது கணக்கை முதலிலிருந்து போடாமல், கூட்டலா கழித்தலா என்ற அந்த ஒரு படியை மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் சுற்று முடிந்தபோது 55 நிமிடம் மீதி இருக்கிறது. 38 பச்சை, குறியுடன் ஊதா 9, வெறும் ஊதா 11, சிவப்பு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 40 நிமிடம் வெறும் ஊதாவுக்கு மட்டும். அதிலும் இரண்டு மதிப்பெண் கேள்விகளை முதலில் எடுங்கள். திரையிலுள்ள கணிப்பானைச் சுட்டியால் ஒவ்வொரு எண்ணாகச் சொடுக்க வேண்டியிருப்பதால், நீளமான கணக்கு வீட்டில் ஆவதைவிட இங்கே அதிக நேரம் பிடிக்கும். நான்கு நிமிடத்தில் முடியாத கேள்வியை இரண்டாம் முறையாகவும் கைவிடத் தயங்காதீர்கள்.

மீதி 15 நிமிடத்தில் புதிதாக எந்தக் கணக்கையும் தொடங்காமல், குறியுடன் இருக்கும் ஒன்பதுக்கு வாருங்கள். இங்கே என் கருத்து கறாரானது: எழுதுதாளில் குறித்த ஐயத்தைச் சரிபார்த்து, தவறு இன்ன இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் விடையை மாற்றுங்கள்; மனம் ஒப்பவில்லை என்பதற்காக மாற்றாதீர்கள். எண்ணை உள்ளிடும் கேள்விகளில் வினாவின் கடைசி வரியை மட்டும் மறுபடி படியுங்கள். விடையைக் கிலோவாட்டில் கேட்டிருப்பார்கள். நீங்கள் 2450 வாட் என்று சரியாகக் கண்டுபிடித்து, 2.45 என்பதற்குப் பதிலாக 2450 என்றே உள்ளிட்டிருப்பீர்கள்.

அடுத்து அந்த ஏழு சிவப்பு. ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும்தான் தவறினால் மதிப்பெண் குறையும்: ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1/3 மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 2/3 மதிப்பெண். நான்கில் எதுவும் தெரியாமல் ஊகித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் ஊகம் லாபப் பக்கம் சாய்கிறது. நீக்க முடியாததை அப்படியே விட்டுவிடுங்கள். தவறுதலாக எதையாவது தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தால் `Clear Response` அழுத்தி எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும், எண்ணை உள்ளிடும் கேள்விகளுக்கும் மதிப்பெண் குறைப்பே கிடையாது என்பதால், அவற்றில் ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

கடைசி இரண்டு நிமிடத்தில் எண்களின் கட்டத்தை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். விடையளித்ததாக நீங்கள் நினைக்கும் கேள்வி எதுவும் சிவப்பாக இருக்கிறதா என்பதே அங்கே தேட வேண்டியது. நேரம் பூச்சியத்தைத் தொட்டவுடன் தேர்வு தானாகவே முடிந்து, சேமித்த விடைகள் போய்ச் சேர்ந்துவிடும். இதே அமைப்புள்ள மாதிரித் தேர்வு கேட் தேர்வின் அதிகாரபூர்வத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதை எழுதும்போது விசைப்பலகையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுட்டியை மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் தேர்வறையிலும் எண்களைத் திரையிலுள்ள விசைகளைச் சொடுக்கித்தான் உள்ளிட வேண்டும்.