கூரை மடிப்பு ஜூஸ் பெட்டி: ஸ்ட்ரோவிலிருந்து தொடங்குங்கள்

[காட்சி: மேசையில் 200 மில்லிலீற்றர் கடதாசி மட்டைப் பெட்டி. மேலே வீட்டுக் கூரை போலக் கூர்மையான மடிப்பு. ஸ்ட்ரோ உள்ளே விழுந்து கிடக்கிறது.]

களுவாஞ்சிக்குடியில் விளாம்பழ ஜூஸ் போடும் ஒரு அண்ணன் இந்த மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். "தம்பி, குத்தினதும் ஸ்ட்ரோ உள்ளுக்கே போகுது" என்றார். பெட்டியை வரைந்து முடித்த பிறகு, பக்கத்தில் ஒட்டக்கூடிய அளவுக்கு ஒரு ஸ்ட்ரோ வாங்கியிருக்கிறார்கள். வேலையை வாலிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

[காட்சி: அடிமட்டத்தால் பெட்டியை அளக்கும் கை.]

அளந்து பார்ப்போம். அடிப்பக்கம் 57க்கு 57 மில்லிமீற்றர். அதில் 200 மில்லிலீற்றர் ஊற்றினால் ஏறக்குறைய 62 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு, சுவரை 70 ஆக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் கூரை 22 மில்லிமீற்றர் எழும்புகிறது. ஸ்ட்ரோத் துளை கூரைச் சரிவின் நடுவில் இருப்பதால், அடியிலிருந்து துளைக்கு 81 மில்லிமீற்றர். ஆனால் ஸ்ட்ரோ நேராக இறங்கினால் போதாது. மூலையில் தேங்கும் கடைசி மிடறு வரை உறிஞ்ச, எதிர்ப்பக்க அடி மூலையைத் தொட வேண்டும். அந்தச் சாய்வுத் தூரம் 96. வாயில் வைக்க இன்னும் 30. ஆக மொத்தம் 126.

அண்ணனின் ஸ்ட்ரோ 85தான். ஏனென்றால் பக்கச் சுவரில் மூலைக்கு மூலை போட்டாலும் 90 மில்லிமீற்றர் இடம்தான் இருக்கிறது. அப்படியென்றால் நேர் ஸ்ட்ரோ இந்தப் பெட்டிக்குச் சரிவராது. நெளிவு வைத்து மடக்கிய ஸ்ட்ரோ வேண்டும்: நீளக் கால் 80, குட்டைக் கால் 46. உறையோடு சேர்த்து ஒட்டினாலும் சுவருக்குள் அடங்கும்.

[காட்சி: கடதாசி ஸ்ட்ரோவின் சரிவாக வெட்டிய முனை, மிக அருகில்.]

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோவுக்குத் தடை. கடதாசி ஸ்ட்ரோவின் முனை பிளாஸ்ரிக் போலக் குத்தாது. இரண்டு தரம் தவறினால் நசுங்கிவிடும். கூரை சரிவு என்பதால் மேலிருந்து நேர்கீழாகக் குத்தினால் வழுக்கும். சரிவுக்குச் செங்குத்தாகப் பிடித்து அழுத்த வேண்டும். அதனால் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போடச் சொன்னேன்.

துளையை நாமே பிறகு போட முடியாது. மட்டையில் முதலில் துளை வெட்டி, அதன் மேல் பொலித்தீன் படலம் ஒட்டி வர வேண்டும். வெட்டிய மட்டை ஓரம் ஜூஸில் பட்டால் ஈரம் ஊறி ஏறும். ஓரத்தில் மண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தால் அதுதான் காரணம்.

இன்னொன்று, விளாம்பழக் கூழ். நார் உள்ள ஜூஸ் ஒல்லியான ஸ்ட்ரோவில் அடைக்கும். அண்ணன் இன்னும் நெருக்கமான வடியில் இரண்டாம் தரம் வடிக்கத் தொடங்கினார். பழத்தின் கெட்டித்தன்மை குறைந்தது எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

[காட்சி: கடைக் கூலரின் கம்பித் தட்டில் வரிசையாகப் பெட்டிகள்.]

சரி, முன்பக்கம். ஸ்ட்ரோவை இதில் ஒட்டவே கூடாது. துளையைப் பின்சரிவில் வைத்து, ஸ்ட்ரோவைப் பின்சுவரில் ஒட்டினோம். அதன் கீழே எழுத்து எதுவும் இல்லை.

57 மில்லிமீற்றர் அகலத்தில் ஓரம் விட்டால் 47தான் மிஞ்சும். அதில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், கூடவே சீனி அளவுக்கான நிற அடையாளம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது சிவப்பு. அண்ணன் எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் நிரப்பி, நடுவில் முழு மரத்தையே வரைந்திருந்தார். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் அது ஒரு பச்சைப் பொட்டு. மரத்தை எடுத்துவிட்டு, உடைத்த ஒரு விளாம்பழத்தை மட்டும் பெரிதாகப் போட்டோம். அதையும் பெயரையும் சுவரின் மேல்பாதியில் வைத்தோம். கீழ்ப்பாதியைக் கூலர்த் தட்டின் விளிம்பு மறைத்துவிடும்.

முதல் அச்சில் மண்ணிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மை பரவி, புள்ளிகள் அடைபட்டுவிட்டன. 'விளாம்பழம்' என்பது 'விளாமபழம' ஆகிவிட்டது! கணினித் திரையில் இது தெரியவே தெரியாது. வெளிர்மஞ்சள் பின்னணியில் கறுப்புத் தடித்த எழுத்துக்கு மாற்றிய பிறகுதான் புள்ளி நின்றது. மடிப்புக் கோட்டின் மேல் எழுத்து வரக்கூடாது. பக்கத்து ஒட்டுப் பட்டையில் மையே படக்கூடாது, பட்டால் பொலித்தீன் உருகி ஒட்டாது.

[காட்சி: வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்த பத்துப் பெட்டிகள்.]

கடைசியில் ஒரு சோதனை. சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றி, கூரை முகட்டைச் சூட்டில் ஒட்டி, ஓர் இரவு கவிழ்த்து வைத்தோம். முகட்டில் மட்டை பெரும்பாலும் நாலு அடுக்கு. நடுவில், முக்கோண மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் இரண்டு. கசிவு அங்கேதான் வரும். காலையில் பத்தில் மூன்று பெட்டிக்குக் கீழே, சரியாக நடுவில், சிவப்புப் பொட்டு. அழுத்தும் நேரத்தைக் கூட்டி மறுபடி வைத்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது.

இந்தப் பெட்டி குளிரில் வைக்க மட்டும். கூலர் இல்லாத கடைக்குக் கொடுத்தால், ஜூஸ் புளித்து முன்சுவர் வயிறு போல உப்பும். அப்படி உப்பியதைத் திறந்து பார்க்க வேண்டாம், நேரே குப்பைக்குத்தான்.