"டேட்டா மைக்ரேஷன் ரிஸ்க், ஹை": இந்த ஒரு வரிக்குள்ள மூணு வரி ஒளிஞ்சிருக்கு!

[திரையில்: ரிஸ்க் ரிஜிஸ்டரின் ஒரே ஒரு வரி, பெரிதாக]

"ஆர்-14. டேட்டா மைக்ரேஷன் ரிஸ்க். ஹை. ஓனர்: ஐடி டீம். நடவடிக்கை: தொடர்ந்து கண்காணிக்கப்படும்."

புராஜெக்ட்ல என்னென்ன தப்பாகலாம்னு எழுதி வைக்கிற ரிஸ்க் ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்த வரி இது, நல்லா பாருங்க. இதுல அஞ்சு கட்டம் நிரம்பியிருக்கு. ஆனா நாளைக்கு காலையில யார், என்ன வேலையை, எப்போ முடிக்கணும்னு இதை வச்சு சொல்ல முடியுமா? முடியாது. இன்னைக்கு இந்த ஒரு வரியை மட்டும் எடுத்து முழுசா பிரிச்சு மேயப் போறோம். கடைசியில இது ஒரு வரியா இருக்காது, மூணா ஆகும். அந்த மூணுல ஒண்ணு ரிஸ்க்கே கிடையாது. அது எதுன்னு பொறுமையா பாருங்க.

[திரையில்: காரணம் → நிகழ்வு → பாதிப்பு]

அடிப்படையை வேகமா முடிச்சிடலாம். ஒரு லாரியோட பிரேக் லைனிங் தேஞ்சிருக்கு: இது காரணம், இன்னைக்கே உண்மை. இறக்கத்துல பிரேக் பிடிக்காம போகலாம்: இது நிகழ்வு, நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முன்னாடி போற வண்டியில மோதும்: இது பாதிப்பு. காரணத்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி, "இது இப்பவே உண்மையா?" நிகழ்வுக்கு, "இது நடக்காம போகவும் வாய்ப்பு இருக்கா?" பாதிப்புக்கு, "எந்த இலக்கு, எவ்வளவு அடி வாங்கும்?" அவ்வளவுதான் தியரி.

இதைப் பிரிக்கலைன்னா மதிப்பெண் போடும்போதே எல்லாம் குழம்பிடும். "டேட்டா மைக்ரேஷன் ரிஸ்க், நடக்க வாய்ப்பு எவ்வளவு?"ன்னு மீட்டிங்ல கேட்டா, ஒருத்தர் 5-க்கு 5 போடுவார். பழைய டேட்டா மோசம்னு அவருக்குத் தெரியும், அவர் காரணத்துக்கு மார்க் போடுறார். இன்னொருத்தர் 2 போடுவார், கோ-லைவ், அதாவது புது சிஸ்டம் ஓடத் தொடங்கற நாள், தள்ளிப்போகாதுன்னு அவர் நம்புறார், அதாவது பாதிப்புக்கு மார்க் போடுறார். சராசரி எடுத்து 3.5-னு எழுதுவீங்க. அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்ல. வாய்ப்பு மதிப்பெண் நிகழ்வுக்கு மட்டும்தான்.

[திரையில்: பழைய சிஸ்டம் → புதிய பில்லிங் சிஸ்டம்]

இப்போ ஆர்-14. உதாரணத்துக்கு நான் வச்சிருக்கிற புராஜெக்ட் இது. 5 கிளைகளோட 80,000 வாடிக்கையாளர் பதிவுகள் புதிய பில்லிங் சிஸ்டத்துக்குப் போகணும். கட்ஓவர், அதாவது பழசுல இருந்து புதுசுக்கு மாறுறது, ஜூன் 27, 28, ஒரே வார இறுதி. பழைய சிஸ்டத்துல ஒப்பந்தம் தொடங்கிய தேதியை யார் எப்படி வேணா டைப் பண்ணலாம். புதுசுல சரியான தேதி இல்லன்னா அந்தப் பதிவு ரிஜெக்ட்.

இதுக்குக் காரணம் என்னன்னு கேட்டா, முதல்ல எல்லாரும் எழுதுறது "போதுமான டெஸ்டிங் இல்லாமை". தயவுசெய்து இதை எழுதாதீங்க. "இல்லாமை"ன்னு காரணம் எழுதினா நடவடிக்கை "டெஸ்டிங் செய்யணும்"னு தானா வந்து உட்கார்ந்துக்கும். ஒரே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதுதான் மிச்சம், டேட்டாவைப் பத்தி புதுசா எதுவும் தெரியல. கண்ணால பார்க்கக்கூடிய உண்மையை எழுதுங்க: "ஒப்பந்தத் தேதி பழைய சிஸ்டத்துல கட்டுப்பாடு இல்லாத டெக்ஸ்ட் கட்டம், 5 கிளைகளுக்கும் பொதுவான விதி கிடையாது."

அடுத்து நிகழ்வு. "பதிவுகள் ரிஜெக்ட் ஆகலாம்." கேட்க நல்லா இருக்கு, இல்லையா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது, கொஞ்சம் நிதானமா போவோம்.

[திரையில்: 2,000-ல் 140]

தலைமைக் கிளையில 2,000 பதிவை எடுத்து ஏத்திப் பார்த்தாங்க. 140 ரிஜெக்ட் ஆச்சு, 7 சதவீதம். எல்லா கிளையும் இதே மாதிரின்னு வச்சுக்கிட்டா 80,000-ல 5,600. கையால திருத்த எவ்வளவு நேரம்? ஒரு பதிவுக்கு 3 நிமிஷம். 4 பேர், ரெண்டு நாள், நாளுக்கு 10 மணி நேரம்: மொத்தம் 80 மணி நேரம். மணிக்கு 20 பதிவுன்னா 1,600 பதிவுதான் முடியும். அது மொத்தத்துல 2 சதவீதம்.

இப்போ சொல்லுங்க, "நடக்காம போகவும் வாய்ப்பு இருக்கா?" சாம்பிள்லயே நடந்துடுச்சு! ரிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்கான ஐஎஸ்ஓ 31000 தரநிலை, ரிஸ்க்குன்னா இலக்குகள் மேல நிச்சயமின்மையோட விளைவுன்னு சொல்லுது. இங்க நிச்சயமின்மை எங்க இருக்கு? இது ரிஸ்க் இல்ல, பிரச்சினை. இதுக்கு வாய்ப்பு மதிப்பெண் போடக் கூடாது. ஏற்கனவே நடந்த பிரச்சினைகளை எழுதி வைக்கிற இஷ்யூ லாக்ல போட்டு இன்னைக்கே வேலையைத் தொடங்கணும். ரிஸ்க் ரிஜிஸ்டர்ல விட்டுவச்சா "நடந்தா பார்த்துக்கலாம்"னு எல்லாரும் காத்திருப்பாங்க. பல ரிஜிஸ்டர்கள் வீணாப்போறது இந்த இடத்துலதான்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

சரி, பிரச்சினையா எடுத்து ஒரு கிளீனிங் ஸ்கிரிப்ட் எழுதினாங்க. "14-3", "மார்ச் 14", கடைசியில தேவையில்லாத ஸ்பேஸ், இப்படி தெரிஞ்ச வடிவங்களை அது திருத்திடும். அதே 2,000-ல இப்போ 20தான் ரிஜெக்ட், 1 சதவீதம். மொத்தத்துக்கு 800. வார இறுதிக்குள்ள அடங்கும்.

அப்போ ரிஸ்க்கே இல்லையா? இருக்கு. சாம்பிள் ஒரே ஒரு கிளையோடது. மத்த 4 கிளையில ஸ்கிரிப்டுக்குத் தெரியாத வடிவங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதுதான் உண்மையான நிகழ்வு: "ஸ்கிரிப்ட் ஓடின பிறகும் ரிஜெக்ட் 1,600 பதிவைத் தாண்டலாம்." பாருங்க, அளவும் சேர்ந்துடுச்சு. நடந்துச்சா இல்லையான்னு ரெண்டு பேர் சண்டை போட இடமே இல்ல.

[திரையில்: 03/04]

இப்போ இதைப் பாருங்க. இது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? புதிய சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணவே பண்ணாது. ஏதோ ஒண்ணா எடுத்துக்கிட்டு சத்தமில்லாம ஏத்திடும். ரிஜெக்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா இது கண்ணுல படவே படாது. அதே காரணம், ஆனா வேற நிகழ்வு. பாதிப்பும் வேற: கோ-லைவ் தேதி அசையாது, பில் தப்பான தேதியில போகும், போன பில்லைத் திருத்த கிரெடிட் நோட் போடணும். அதனால இது தனி வரி.

ஆக ஆர்-14 இப்போ ஒரு பிரச்சினை, ரெண்டு ரிஸ்க். பழைய எண்ணை அழிக்காதீங்க. ரிஜெக்ட் தாண்டுற ரிஸ்க்கை ஆர்-14ஏ, தேதி தப்பா ஏறுற ரிஸ்க்கை ஆர்-14பி-ன்னு வச்சா பழைய மீட்டிங் குறிப்புகளோட தொடர்பு அறுந்து போகாது.

பாதிப்புக் கட்டம். "தாமதம், செலவு, நற்பெயர் இழப்பு"ன்னு மூணையும் வரிசையா போடுறது வழக்கம், அது எந்த ரிஸ்க்குக்கும் பொருந்தும். ஆர்-14ஏ-வுக்கு இப்படி எழுதலாம்: "கோ-லைவ் ஜூலை 25-க்குத் தள்ளும், 4 வாரம், பழைய சிஸ்டம் லைசென்ஸை இன்னொரு மாசம் நீட்டிக்கணும்." ஏன் 4 வாரம்? மாசக் கடைசி பில்லிங் தொடங்கறதுக்கு முன்னாடி வர்ற வார இறுதியிலதான் கட்ஓவர் பண்ண முடியும், அடுத்து அப்படி வர்றது அதுதான். இந்த "ஏன்"னுக்கு பதில் இருந்தா பாதிப்பு சரியா எழுதியிருக்கீங்க.

[திரையில்: "ஓனர்: ஐடி டீம்" என்பது சிவப்பில் அடிக்கப்படுகிறது]

டீம் ஓனர் ஆக முடியாது. ஒரு ஆள் வேணும். அதோட ரெண்டு வேலையைக் குழப்பிக்காதீங்க. ரிஸ்க் ஓனர் முடிவெடுக்கிறவர், கோ-லைவைத் தள்ளவோ நீட்டிப்புக்குக் காசு ஒதுக்கவோ அதிகாரம் உள்ளவர். நடவடிக்கை ஓனர் அந்த வேலையைக் கையால செய்யறவர். பிரின்ஸ்2-ங்கிற புராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறையிலயும் இது ரெண்டும் தனித்தனிப் பொறுப்புதான். ஒரே கட்டத்துல ரெண்டையும் திணிச்சா, அதிகாரம் இல்லாத ஒரு டேட்டா அனலிஸ்ட் பேர் அங்க வந்து நிக்கும்.

ஆர்-14ஏ-வோட நடவடிக்கைகளைப் பாருங்க. முதல் வேலை: மத்த 4 கிளையிலயும் தலா 400 பதிவை எடுத்து ட்ரையல் லோட் போடுறது, புது வடிவங்களை ஸ்கிரிப்டுல சேர்க்கிறது. ஓனர் டேட்டா அனலிஸ்ட், மே 20-க்குள்ள. முடிஞ்சதுக்குச் சான்று, கிளை வாரியா ரிஜெக்ட் சதவீதம். இது வாய்ப்பைக் குறைக்குது. ரெண்டாவது வேலை: லைசென்ஸ் நீட்டிப்புக்கான கடிதத்தைத் தயாரா வைக்கிறது. ஓனர் கொள்முதல் மேனேஜர். இது நிகழ்வைத் தடுக்காது, பாதிப்பைக் குறைக்குது. ஒவ்வொரு நடவடிக்கையும் எந்தக் கட்டத்தைத் தொடுதுன்னு கை நீட்டிக் காட்ட முடியணும். "கண்காணிப்போம்" எந்தக் கட்டத்தையும் தொடாது.

ஏன் மே 20? லைசென்ஸ் ஜூன் 30-ல முடியுது, நீட்டிக்க 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். அதாவது மே 31 கடைசி நாள். ட்ரையல் லோடை ஜூன் நடுவுல வச்சா, ரிஜெக்ட் 2 சதவீதம் தாண்டினது தெரிஞ்சும் ஒண்ணும் செய்ய முடியாது. எச்சரிக்கை மணி, அதுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் விட்டு அடிக்கணும்.

ஆர்-14பி-க்கு ரிஸ்க் ஓனர் பில்லிங் மேனேஜர். நடவடிக்கை: பழைய சிஸ்டத்துல முதல் பில் போன தேதியை, ட்ரையல் லோடுல ஏறின ஒப்பந்தத் தேதியோட ஒப்பிடுறது. ஒப்பந்தம் தொடங்கறதுக்கு முன்னாடியே பில் போயிருந்தா அந்தத் தேதி சந்தேகம். எல்லா தப்பையும் இது பிடிக்காது. நாளும் மாசமும் மாறினதுல தேதி முன்னாடி போயிருந்தா இந்தச் சோதனையில தப்பிச்சிடும். அதனால நாள், மாசம் ரெண்டுமே 12-க்குள்ள இருக்கிற பதிவுகளைத் தனியா வடிகட்டி கிளைக்கே அனுப்பணும்.

[திரையில்: ஸ்ப்ரெட்ஷீட். பி பத்தி காரணம், சி நிகழ்வு, டி பாதிப்பு]

கடைசியா ஒரு சின்ன உதவி. மூணு கட்டத்தையும் ஒட்டிப் படிக்க இந்த ஃபார்முலாவைப் போடுங்க:

```
=B2&". இதனால், "&C2&". அப்படி நடந்தால், "&D2&"."
```

வாய்விட்டுப் படிங்க. "அப்படி நடந்தால்"க்கு முன்னாடி ஏற்கனவே நடந்த விஷயம் நின்னா, அது இஷ்யூ லாக்குக்குப் போகணும். அதுக்குப் பின்னாடி வர்றது வெறும் "ஹை"னு இருந்தா, பாதிப்பை இன்னும் எழுதவே இல்ல. மேல மதிப்பெண் வாங்கின அஞ்சு வரியில மட்டும் முதல்ல இதைப் பண்ணுங்க, மொத்த ரிஜிஸ்டரையும் ஒரே நாள்ல தொட வேண்டாம். பிரிக்க முடியாம முரண்டு பிடிக்கிற வரி இருந்தா கம்பெனி பேரை எடுத்துட்டு கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அதையே பிரிச்சுப் பார்ப்போம்.