இரண்டு நீரிணைகள்: ரோமின் மேற்கு விழுந்த கதை

எல்லோருக்கும் வணக்கம்.

ரோமப் பேரரசு எப்போது விழுந்தது என்று கேட்டால் 476 என்று சொல்லிவிடுவோம். அந்த ஆண்டு ஒடோவாக்கர் என்ற தளபதி, ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினான். ஆனால் அன்று போனது மேற்குப் பாதி மட்டும்தான். கான்ஸ்டான்டினோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பாதி 1453 வரை இருந்தது. இரண்டு பாதிக்கும் சட்டம் ஒன்று, மதம் ஒன்று. எல்லையில் வந்து இடித்த கூட்டங்களும் ஏறக்குறைய அதே கோத்தியர்கள், அதே ஹூணர்கள். அப்படியென்றால் எங்கே பிரிகிறது கதை?

படைவீரனுக்குச் சம்பளம் வேண்டும். அதற்கு வரி வேண்டும். மேற்கின் வரியில் பெரும்பங்கு இன்றைய துனீசியாவை ஒட்டிய வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கோதுமையும் ஆலிவ் எண்ணெயும் கார்த்தேஜ் துறைமுகத்தில் ஏறித்தான் ரோமுக்குப் போயின. கிழக்குக்கு எகிப்தும் சிரியாவும் ஆசியா மைனரும். இரண்டு இடத்திலும் கருவூலம் கடலுக்கு அக்கரையில். வடக்கிலிருந்து வருகிறவன் அந்தக் கடலைத் தாண்டினானா இல்லையா என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் கிழக்கு. 400-ஆம் ஆண்டு, கைனாஸ் என்ற கோத்தியத் தளபதி கிளர்ந்தெழுந்து, கான்ஸ்டான்டினோப்பிளுக்கு மேற்கே உள்ள திரேஸில் திரிகிறான். அங்கே சோறு கிடைக்கவில்லை. ஆசியக் கரைக்குப் போனால்தான் பிழைப்பு. கப்பல் இல்லாததால் மரங்களை வெட்டித் தெப்பம் கட்டி, ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற ஹெல்லஸ்பாண்ட் நீரிணையில் ஆட்களை இறக்கினான். அது ஒடுக்கமான கடல்தான், ஆனால் நீரோட்டம் கடுமையானது. அங்கே பேரரசின் போர்க்கப்பல்களோடு ஃப்ராவிட்டா காத்திருந்தான். இவனும் கோத்தியன்தான், ஆனால் பேரரசரின் பக்கம் நின்றவன். கப்பல்கள் தெப்பங்களை மோதிச் சிதறடித்தன. ஏராளமான பேர் தண்ணீரோடு போனார்கள். கைனாஸின் கதை அதோடு முடிந்த மாதிரிதான்.

அப்புறம், ஆசியாவுக்குப் போகும் வழியில் நின்ற கான்ஸ்டான்டினோப்பிளுக்குக் காவலாக, அதன் தரைப் பக்கத்தில் ஒரு மதில் எழுந்தது. 413 வாக்கில் எழுந்த அந்தக் கோட்டைச் சுவரில் 447-ல் பூகம்பம் வந்து 57 கோபுரங்கள் சரிந்தன. ஹூணர்களின் அரசன் அட்டிலா படையோடு பால்கனுக்குள் வரும் நேரம் அது. நகர மக்களே இறங்கி வேலை செய்து இரண்டே மாதத்தில் சுவரை நிமிர்த்திவிட்டார்கள். அட்டிலா பால்கனைச் சூறையாடினான், ஆண்டுக்கு 2,100 பவுண்டு தங்கம் கப்பம் கேட்டு வாங்கினான். ஆனால் அந்தத் தங்கம் விளைகிற நிலத்தில் அவன் குதிரை கால் வைக்கவில்லை. பாரசீகமும் அந்த நூற்றாண்டில் பெரும்பாலும் அமைதியாக இருந்தது கிழக்கின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, மேற்கு. 410-ல் ரோமைச் சூறையாடிய கோத்தியத் தலைவன் அலாரிக், நேராக இத்தாலியின் தென்முனைக்குத்தான் போனான். சிசிலி வழியாக ஆப்பிரிக்கா போக வேண்டும் என்பது திட்டம். புயல் அவன் கப்பல்களை உடைத்தது. மேற்கைக் காப்பாற்றியது காற்றுதான், கடற்படை இல்லை. 429-ல் வாண்டல் அரசன் கைசெரிக் தன் மக்களைக் குடும்பம் குடும்பமாக ஸ்பெயினிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அக்கரை சேர்த்தான். தடுக்க ஒரு ஃப்ராவிட்டா அங்கே இல்லை. ஆப்பிரிக்காவின் ரோமத் தளபதி போனிஃபாசியஸ் அதற்குச் சற்று முன்புவரை ராவென்னாவில் இருந்த மேற்குப் பேரரசின் அரசவையோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பத்தே ஆண்டில், 439-ல், கார்த்தேஜ் போனது. இந்தத் தேதியைத்தான் நான் 476-ஐவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததைச் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 444-ல் மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் விற்பனைக்குப் புது வரி போடுகிறான். புதுப் படை திரட்டுவது இருக்கட்டும், இருக்கிற படைக்கே சோறும் துணியும் கொடுக்க வரும்படி போதவில்லை என்று அந்தச் சட்டத்திலேயே ஒப்புக்கொள்கிறான். சம்பளம் தர முடியாத அரசரைப் படை எத்தனை நாள் மதிக்கும்? அதனால்தான் ரிசிமர் போன்ற தளபதிகள் பேரரசர்களை ஏற்றியும் இறக்கியும் விளையாடினார்கள்.

ஆப்பிரிக்காவை மீட்க 468-ல் கிழக்கே முன்வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள், பசிலிஸ்கஸ் தலைமை. ஒரு பழைய கணக்கு 64,000 பவுண்டு தங்கம் செலவு என்கிறது, இன்றைய அளவில் சுமார் 21 டன். கார்த்தேஜுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பசிலிஸ்கஸிடம் கைசெரிக் ஐந்து நாள் தவணை கேட்டான். கொடுத்தார்கள். காற்று திரும்பட்டும் என்றுதான் அவன் காத்திருந்தான். திரும்பியதும், ஆளில்லாத படகுகளுக்குத் தீ வைத்து, நெருங்கி நின்ற கப்பல் கூட்டத்துக்குள் விட்டான். பாதிக் கடற்படை போயிற்று.

மேற்குக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எட்டு ஆண்டில் அதற்குப் பேரரசரே இல்லை. கிழக்குக்கோ அது பெருநஷ்டம், ஆனால் எகிப்து கையில் இருந்தது, வரி வந்துகொண்டே இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 518-ல் பேரரசர் அனஸ்டாசியஸ் இறந்தபோது கான்ஸ்டான்டினோப்பிள் கருவூலத்தில் 3,20,000 பவுண்டு தங்கம் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்.