அரிவாளின் வாயைத் தடவிப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம். கண்மாய்ப் பாசன வயல்களில் நெல் அறுவடை நெருங்குகிறது. சந்தையில் அரிவாள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் அதன் வாயைப் பாருங்கள். எந்த வேலைக்கான அரிவாள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

நெல் அறுக்க வேண்டியது கருக்கரிவாள். இலேசான தகடு, நல்ல வளைவு, உள்வாயில் பொடிப்பொடியான பற்கள். நெற்தாளில் மணல்சத்து அதிகம் என்பதால் அதன் மேல்தோல் வழவழப்பாகவும் கடினமாகவும் இருக்கும். பல்லில்லாத வாய் அதன்மேல் வழுக்கும், சீக்கிரம் மழுங்கியும் போகும். பல் இருந்தால் தாளைப் பற்றிக்கொண்டு அறுக்கும்.

பற்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம். அறுப்பவர் அரிவாளைத் தன் பக்கம் இழுக்கிறார். ஆகவே பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நுனியிலிருந்து பிடிப்பக்கமாக விரலை மெல்ல ஓட்டினால் வழவழவென்று போகும். பிடியிலிருந்து நுனிப்பக்கம் ஓட்டினால் விரலில் பிடிக்கும். அழுத்தாமல் பாருங்கள், கையைக் கிழித்துவிடும்.

பல் தேய்ந்துவிட்டதா என்று அறிய வயலில் நிற்கும் அறுதாளைப் பாருங்கள். வெட்டுவாய் சீராக இருந்தால் நல்லது. நார் பிய்ந்து நின்றாலோ, தூர் மண்ணோடு பெயர்ந்து வந்தாலோ அரிவாள் அறுக்கவில்லை, பிடுங்குகிறது. அந்த ஆட்டத்தில் முற்றிய கதிரிலிருந்து மணி உதிரும். அப்போது பட்டறையில் கொடுத்துப் புதிதாகப் பல் வெட்டி வாங்க வேண்டும். வாய் முழுக்கச் சாணைபிடித்துப் பல்லை மழுக்கிவிட்டால் அது புல்லுக்குத்தான் உதவும்.

பிடியையும் கவனியுங்கள். அரிவாளின் வால் மரப்பிடிக்குள் ஆழமாக இறங்கி, பிடியின் வாயோரம் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். பூண் கழன்றால் மரம் பிளக்கும். இழுக்கிற வேகத்தில் தகடு உருவிக்கொண்டு வரும். ஈரக்கையில் இது பெரிய ஆபத்து.

பல்லில்லாமல், முதுகு தடித்து, கனமாக இருந்தால் அது வெட்டரிவாள். வேலி முள்ளுக்கும் கருவேலங்கிளைக்கும் ஓங்கி வெட்டுவதற்கானது. கனமே அங்கே பாதி வேலையைச் செய்கிறது. அதைக் கொண்டு நெல்லறுத்தால் மணிக்கட்டு வீங்கும். கருக்கரிவாளால் முள் வெட்டினாலோ தகடு நெளியும், பல் உடையும்.

நிலக்கடலைக்கு அரிவாளே வேண்டாம், களைக்கொத்து போதும். நம் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், சரளையும் கிடக்கும். அகன்ற வாய் மேலோடு சுரண்டுமே தவிர உள்ளே இறங்காது. குறுகிய வாயே நல்லது. விதைத்த 20 - 25 நாளில் ஒரு களை. 40 - 45 நாளில் மறுகளையோடு மண் அணைப்பு. அதன்பின் களைக்கொத்தை எடுக்காதீர்கள். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய்பிடிக்கும் நேரம் அது. கொத்தினால் விழுது அறுந்து காய் குறையும். மிஞ்சிய களையைக் கையால் பிடுங்குங்கள்.