ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினால் வளர்த்தி நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கலாம் என்றால், "அந்தப் பிள்ளைகள் எல்லாம் குட்டை, வளர்த்தி நின்றுவிடும்" என்று வீட்டில் தடுக்கிறார்கள். நடனம் ஆடும் பிள்ளைகளுக்கும் அப்படித்தானாமே?

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. நான் அடிக்கடி சொல்வதுதான்: மேடையில் நிற்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள், பாதியில் விலகிப் போனவர்களையும் தேடிப் பாருங்கள்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் உயரம் சுமார் 142 செ.மீ. காற்றில் சுழல அந்த உடல் பெரும் சாதகம். அதே உடல்வாகில் ஒரு பெண் 10 விழுக்காடு உயரமாக இருந்தால், அவள் உடலைச் சுழற்றுவது சுமார் 60 விழுக்காடு கடினமாகும். தசையின் பலமோ சுமார் 20 விழுக்காடுதான் கூடும். அதனால் சிறிய பிள்ளைகள் நிலைக்கிறார்கள், நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள் விலகுகிறார்கள். நிலைத்தவர்களின் பெற்றோரும் பெரும்பாலும் குட்டையானவர்களே.

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸைப் பாருங்கள். நாடாவும் வளையமும் வைத்து ஆடுவார்களே, அதுதான். பயிற்சி அதிலும் கடுமை. ஆனால் அங்கே நீண்ட கை கால்தான் அழகு என்பதால் உயரமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் உயரமாகவே இருக்கிறார்கள். பாலே நடனத்திலும் நீண்ட கால்களுக்கே மதிப்பு. பயிற்சிதான் குட்டையாக்குகிறது என்றால் இவர்களும் குட்டையாகியிருக்க வேண்டும் அல்லவா?

ஆனாலும் வீட்டாரின் பயம் முழுக்க வீண் அல்ல. இப்பிள்ளைகள் பலர் தாமதமாகப் பருவமடைகிறார்கள். 12 வயதில் 138 செ.மீ. உள்ள ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். அப்பா 165, அம்மா 152. இரண்டையும் கூட்டி, 13 கழித்து, பாதியாக்கினால் 152. வளர்ந்து முடிக்கும்போது அவள் எட்டக்கூடிய உயரம் அதுதான், ஏழெட்டு செ.மீ. முன்பின் இருக்கலாம். இடது கையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது 10 என்று காட்டுகிறது. எலும்பின் முனையருகே, அது நீண்டு வளரும் இடம்தான் வளர்தட்டு. அது இவளுக்கு இன்னும் மூடவில்லை. தோழிகள் வளர்ந்து முடித்த பிறகும் இவள் வளர்வாள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: "அவள் போதுமான அளவு சாப்பிடுகிறாளா?" பயிற்சியில் செலவாகும் சக்திக்கு ஈடாக உணவு கிடைக்காதபோதுதான் வளர்ச்சி உண்மையிலேயே தடைப்படுகிறது. எடை கூடிவிடும் என்று தட்டைப் பாதியில் தள்ளச் சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். பருவமடையும் முன் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. கூட வேண்டும். அது 4-க்குக் கீழே இறங்கினாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ, அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.